நாக்கு–காடி ரூட்டர் கத்தி: சில வருடப் பாவனைக்குப் பிறகு

சாவகச்சேரியில் இருக்கும் நண்பர் ஒருவர் அலுமாரிக்குப் பலகையால் முதுகு அடிக்கப் போகிறாராம். "நீ வைச்சிருக்கிற அந்த ரெண்டு கத்திச் செற்றை வாங்கலாமோ?" என்று கேட்டார். போனில் சொல்லி முடியாததால் எழுதுகிறேன். போன மாதம்தான் அதில் ஒரு பேரிங்கை மாற்றினேன், அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஒரு பலகையின் விளிம்பில் நீட்டி நிற்கும் நாக்கு, அடுத்த பலகையின் விளிம்பில் வெட்டிய காடிக்குள் செருகும். இந்தச் செற்றில் நாக்கு எடுக்க ஒரு கத்தி, காடி எடுக்க ஒரு கத்தி. அரை அங்குலத் தண்டு, கால் அங்குல நாக்கு. என் பலகைகள் 16 மில்லிமீற்றர் தடிப்பு என்பதால் நாக்கின் இரு பக்கமும் ஐந்து ஐந்து மில்லிமீற்றர் தோள் கிடைக்கும். ரூட்டரைக் கையில் பிடித்துத்தான் ஓட்டுகிறேன். எட்டடிப் பலகையைச் சின்ன மேசையில் தள்ளுவதைவிட, பலகையை இறுக்கி வைத்துவிட்டு ரூட்டரை அதன்மேல் கொண்டுபோவது எனக்கு இலகு. பலகை கொஞ்சம் வளைந்திருந்தாலும் ரூட்டரின் அடித்தட்டு முகத்தின் மேலேயே போகும், எனவே முகத்திலிருந்து நாக்குக்கு உள்ள தூரம் மாறாது. மரக்காலையில் சீவித் தரும் பலகையின் தடிப்பு நுனிக்கு நுனி வேறுபடுவது வழக்கம். எல்லாப் பலகையிலும் நல்ல முகத்தை மேலே வைத்து, நாக்கையும் காடியையும் அதே முகத்திலிருந்தே எடுத்தால் அந்த வேறுபாடு பின்பக்கம் போய்விடும், முன்பக்கம் சமமாக நிற்கும். இந்த விஷயத்தில் செற்றைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. கார்பைட் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது, தோள் செங்குத்தாக விழுகிறது.

என்னை எரிச்சல்படுத்துவது வேறு. நாக்கின் நீளம் ஒன்பதரை மில்லிமீற்றர், காடியின் ஆழமும் சரியாக ஒன்பதரை. இரண்டையும் ஒரே அளவில் செய்து விற்றவர், ஒரு தடவையாவது இரண்டு பலகையைப் பொருத்திப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். காடியின் அடியில் துளி மரத்தூள் கிடந்தால் போதும், வேர்னிஷ் கொஞ்சம் இறங்கி உறைந்தால் போதும், தோள்கள் சந்திப்பதற்கு முன்பே நாக்கின் நுனி போய் அடியில் முட்டும். முன்பக்கத்தில் மயிரிழை இடைவெளி அப்படியே நிற்கும். கிளாம்ப் போட்டாலும், கொட்டாப்புளியால் தட்டினாலும் மூடாது. ஒளிக்கு எதிரே பிடித்தால் பலகை நெடுக ஒரு கீற்று தெரியும். ஒழுங்கான நாக்கு–காடியில் காடி ஒரு மில்லிமீற்றராவது கூட ஆழமாக இருக்க வேண்டும். பழைய ஆட்கள் நாக்கின் நுனியைச் சீவுளியால் இரண்டு இழைப்பு இழைத்துவிடுவதும் இதற்காகத்தான். நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இயந்திரம் வாங்கிய பிறகும் ஒவ்வொரு பலகைக்கும் சீவுளி எடுக்க வேண்டியிருந்தால் கோபம் வராதா?

போன மாதம் காடிக் கத்தியின் பேரிங் இறுகியது. பலகையின் விளிம்பில் உருண்டு, கத்தி எவ்வளவு உள்ளே போகலாம் என்று தடுத்து நிறுத்துவது அதுதான். பேரிங் உருளாமல் கத்தியோடு சேர்ந்து சுற்றினால் பலகையின் விளிம்பில், அது உரசிப் போகும் இடத்தில் ஒரு பழுப்புக் கோடு விழும், கருகிய மணமும் வரும். அதைக் கண்டதும் நிறுத்திவிட வேண்டும். கழற்றிப் பார்த்தேன்: 608. எட்டு மில்லிமீற்றர் துளை, 22 மில்லிமீற்றர் வெளிவிட்டம், ஏழு மில்லிமீற்றர் தடிப்பு. எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும் சாதாரண பேரிங். ஆனால் நான் 698 கேட்டேன். துளை அதே எட்டு, வெளிவிட்டம் 19, தடிப்பு ஆறு. விட்டம் மூன்று மில்லிமீற்றர் குறைந்தால் கத்தி அதில் பாதி, அதாவது ஒன்றரை மில்லிமீற்றர், கூடுதலாக உள்ளே போகும். காடி ஒன்பதரையிலிருந்து பதினொன்றாகும். தடிப்பில் குறைந்த ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு வோஷர் போட்டேன். வோஷர் பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் படும்படி சின்னதாக இருக்க வேண்டும். வெளிவளையத்திலும் பட்டால் புதுப் பேரிங்கும் உருளாது.

அதற்குப் பிறகு பொருத்திய முதல் இரண்டு பலகை கையால் தள்ளும்போதே தோளோடு தோள் மூடியது. நான் அதைக் கழற்றிக் கழற்றி மறுபடி பொருத்திப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அலுமாரியின் கணக்கு. நாலடி அகலத்துக்கு, முகம் நூறு மில்லிமீற்றர் தெரியும் பன்னிரண்டு மகோகனிப் பலகை. சோளகம் அடிக்கும் மாதங்களில் பலகை காய்ந்து சுருங்கும், ஐப்பசி கார்த்திகை மாரியில் ஈரம் குடித்து ஊதும். பலகையின் ஈரம் நாலு வீதம் கூடினால் நூறு மில்லிமீற்றர் பலகை ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட அகலும். பன்னிரண்டு பலகைக்கு அது ஒரு சென்ரிமீற்றருக்கு மேல். அதனால் நாக்கில் பசை போடவே கூடாது, போட்டால் மாரியில் முதுகு பக்கப்பலகைகளைத் தள்ளிப் பிரிக்கும். ஒவ்வொரு பலகைக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என நடு அகலத்தில் மட்டும் ஆணி அடித்தால் பலகை இரு பக்கமும் தன்பாட்டில் அசையும். கோடையில் அடிப்பதாக இருந்தால் பலகைக்கிடையில் ஒரு மில்லிமீற்றர் தகட்டை வைத்து அடித்துவிட்டு உருவுங்கள். மாரியில் அடித்தால் நெருக்கியே அடிக்கலாம்.

சாணை பற்றியும் ஒன்று. இந்தக் கத்திகளைத் தீட்டத் தீட்ட காடி ஒடுங்கும், நாக்கு தடிக்கும். ஒருநாள் நாக்கு ஏறாமல் இறுகும், அடித்து ஏற்றினால் காடியின் உதடு பிளக்கும். அப்போது நாக்குக் கத்தியின் இரு வெட்டுத் தட்டுக்கும் இடையில் உள்ள மெல்லிய வளையம் ஒன்றை எடுத்துவிட வேண்டும். அதற்கு நட்டைக் கழற்றி முழுவதையும் பிரிக்க வேண்டும் என்பது இன்னொரு தொல்லை.

கைச் சீவுளியையும் கேட்டார். பழைய ஸ்ரான்லி 48 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1875 காப்புரிமை. பலகையின் பக்கத்தோடு ஒட்டிப் போகும் அதன் வேலியை ஒரு பக்கம் திருப்பினால் இரண்டு அலகும் வெட்டி நாக்கு வரும், மறுபக்கம் திருப்பினால் ஒரு அலகு மறைந்து காடி வரும். தூசியில்லை, கரண்ட் தேவையில்லை. முக்கால் அங்குலத்துக்குக் குறைந்த பலகைக்கு அது பொருந்தாது, அதற்கு 49 வேண்டும்.

சரி, செற்றை வாங்கலாமா? வேண்டாம் அண்ணை. என்னுடையதை யார் கேட்டாலும் நான் கொடுக்கமாட்டேன், ஆனால் நீங்கள் வாங்க வேண்டாம். தொல்லை முழுவதும் நாக்குக் கத்தியால் வருவது. காடிக் கத்தியை மட்டும், சின்னப் பேரிங்கோடு வாங்குங்கள். எல்லாப் பலகைக்கும் இரு விளிம்பிலும் பதினொரு மில்லிமீற்றர் காடி எடுங்கள். 20 மில்லிமீற்றர் அகலத்தில் பிளைவுட் கீலம் வெட்டி நடுவில் செருகுங்கள், ஒரு பக்கம் மட்டும் பசை. நாக்குக்காகப் பலகைக்கு ஒன்பதரை மில்லிமீற்றர் வீணாவதும் மிச்சம், பன்னிரண்டு பலகையில் அது ஒரு முழுப் பலகை. ஆறு மில்லிமீற்றர் என்று விற்கும் பிளைவுட் பல நேரம் ஐந்தரைதான் இருக்கும், எனவே கடைக்குப் போகும்போது காடி எடுத்த துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள்.