இ-சிம் போட்டும் ரோமிங் பில் வருகிறது: சென்னை போகுமுன் பார்க்க வேண்டிய இரண்டு சுவிட்ச்

"டிராவல் இ-சிம் வாங்கிவிட்டோம், இனி ரோமிங் பில் வராது" என்று நம்பிப் போன ஒரு வெள்ளவத்தைக் குடும்பத்துக்கு, திரும்பி வந்த அடுத்த மாதம் நாற்பத்தையாயிரம் ரூபாய்க்கு மேல் பில் வந்திருக்கிறது. கல்யாணச் சாமான் வாங்கச் சென்னைக்குப் போன பயணம் அது. விடுமுறைக்கு இந்தியா, சிங்கப்பூர் என்று கிளம்புகிறவர்கள் இதை முழுவதும் வாசியுங்கள். இ-சிம் விற்ற கடையும் சேவை நிறுவனத்தின் கவுண்டரும் சொன்னவை தனித்தனியே பார்த்தால் சரிதான். இரண்டையும் ஒரே போனில் எப்படிச் சேர்த்துச் செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். அந்த வீட்டு ஐயா தன் போஸ்ட்பெய்ட் சிம்முக்கு வங்கி ஓ.டி.பி. வர வேண்டும் என்று கவுண்டரில் கேட்டார். அங்கே இருந்தவர் ரோமிங்கைத் திறந்துவிட்டு, "அங்க போய் டேட்டா ரோமிங்கை மட்டும் ஓஃப்ல வச்சிருங்கோ ஐயா" என்று சொல்லி அனுப்பினார். டேட்டாவைத் தங்கள் பக்கத்திலேயே மூடிவிட முடியும் என்று சொல்லவில்லை. இ-சிம் விற்ற கடை கொடுத்த துண்டுச்சீட்டிலோ "Data Roaming ON செய்யவும்" என்று இருந்தது. சென்னையில் இறங்கியதும் இ-சிம் வேலை செய்யவில்லை. கடைக்கு வட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "ரோமிங்கை ஓன் பண்ணுங்க" என்ற ஒரே வரி பதிலாக வந்தது. அவர் இரண்டு சிம்முக்கும் ஓன் செய்தார். இன்டர்நெட் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

டிராவல் இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஏன் ஓனில் இருக்க வேண்டும் என்பது பலருக்குப் புரிவதில்லை. நீங்கள் வாங்குவது பெரும்பாலும் இந்திய நிறுவனத்தின் சிம் அல்ல. வேறொரு நாட்டு நிறுவனம் வழங்கிய சிம் அது. இந்திய வலையமைப்பில் அதுவும் விருந்தாளிதான். ஆகவே அந்த இணைப்புக்கு டேட்டா ரோமிங்கை ஓன் செய்யாவிட்டால் ஒரு எழுத்துக்கூட வராது. அதற்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டதால் அங்கே மேலதிகச் செலவு இல்லை. கொழும்புச் சிம்முக்கு அதே சுவிட்ச் ஓனில் இருந்தால்தான் பணம் போகும். இந்தச் சுவிட்ச் போனுக்கு ஒன்றல்ல, சிம்முக்கு ஒன்று. எந்தச் சிம்முக்கு என்று சொல்லாமல் "ஓன் பண்ணுங்க" என்று சொல்வது ஆபத்தான அறிவுரை.

ஆனாலும், டேட்டாவுக்கு இ-சிம்மைத்தானே தெரிவுசெய்திருந்தார், கொழும்புச் சிம்மில் எப்படி ஓடியது? இங்கேதான் இரண்டாவது சுவிட்ச் வருகிறது. ஐபோனில் அதன் பெயர் Allow Mobile Data Switching. சில போன்களில் Mobile என்ற இடத்தில் Cellular என்று இருக்கும். இரண்டு சிம் உள்ள போனில் ஒரு சிம்மில் அழைப்புப் பேசும்போது மற்றச் சிம்மின் டேட்டா பொதுவாக நின்றுவிடும். அப்படி நிற்காமலிருக்க, பேசிக்கொண்டிருக்கும் சிம்முக்கே டேட்டாவைத் தற்காலிகமாக மாற்றிவிடுவதுதான் இந்தச் சுவிட்சின் வேலை. கொழும்பில் இருக்கும்போது நல்ல வசதி. வெளிநாட்டில், கொழும்புச் சிம்மின் ரோமிங்கும் ஓனில் இருந்தால், வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு சாதாரண அழைப்பும் டேட்டாவைக் கொழும்புச் சிம்முக்கு இழுத்துவிடக்கூடும்.

தி.நகரில் ஒரு புடவைக் கடைக்குள் அவர் ஐந்து நிமிட வீடியோ எடுத்திருக்கிறார். சற்று நேரத்தில் கொழும்பிலிருந்து அக்கா அழைத்தார், 22 நிமிடம் பேசினார்கள். அந்த நேரத்தில் படங்களைச் சேமிக்கும் செயலி வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. மொபைல் டேட்டாவிலும் ஏற்றலாம் என்று அதில் அனுமதி கொடுத்திருந்தார். சாதாரண 1080p தரத்தில் ஐபோன் வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 60 MB. ஐந்து நிமிடத்துக்கு 300 MB. அவருடைய திட்டத்தில் பொதி இல்லாத ரோமிங் டேட்டா ஒரு MBக்கு 150 ரூபாய். 300ஐ 150ஆல் பெருக்கினால் 45,000. உள்வரும் அழைப்புக்கு நிமிடம் 90 வீதம் இன்னும் 1,980. வரி தனி. வீடியோ 4K தரத்தில் இருந்திருந்தால் நிமிடத்துக்கு 170 MB அல்லது அதற்கு மேலும் போயிருக்கும். உங்கள் திட்டத்தின் விலை வேறாக இருக்கும். பொதி போடாத நிலையில் ஒரு MBக்கு எவ்வளவு என்று கேட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

எச்சரிக்கை மெசேஜ் வரவில்லையா என்று பலரும் கேட்பார்கள். வந்தது, மறுநாள். வெளிநாட்டு வலையமைப்பிலிருந்து பாவனைக் கணக்கு இங்கே வந்து சேரத் தாமதமாகலாம். அதனால் அந்த மெசேஜை நம்பி இருக்கக் கூடாது. ப்ரீபெய்ட் என்றால் பொதுவாக மீதிப் பணம் தீர்ந்ததும் நின்றுவிடும். போஸ்ட்பெய்டுக்கு அந்தத் தடுப்பு தானாக இல்லை.

இனி என்ன செய்வது. கிளம்புமுன் கவுண்டரில் அல்லது தொலைபேசியில், "கோல், எஸ்.எம்.எஸ். ரோமிங் வேணும், டேட்டா ரோமிங்கை உங்கட பக்கத்திலயே மூடிவிடுங்கோ" என்று தெளிவாகக் கேளுங்கள். அவர்கள் பக்கத்தில் மூடிவிட்டால் போனில் கை தவறினாலும் பணம் போகாது. முடியாது என்றால் கடன் எல்லையையாவது குறைக்கச் சொல்லுங்கள். என்ன செய்தார்கள் என்பதை எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பிறகு சண்டை பிடிக்க அது ஒன்றுதான் உதவும்.

இ-சிம் வாங்குமுன் *#06# அடித்துப் பாருங்கள். EID என்று நீண்ட எண் ஒன்று வந்தால் போன் இ-சிம் ஏற்கும். கனடாவிலோ லண்டனிலோ உள்ள உறவினர் அனுப்பிய போன் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஐபோனில் Settings, General, About போய் Carrier Lock என்ற இடத்தில் No SIM restrictions என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்குள்ள நிறுவனத்தின் பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை, எந்த டிராவல் இ-சிம்மும் ஓடாது. பல கடைகள் இதைக் கேட்காமலே விற்கின்றன. விற்ற பிறகு பணம் திரும்பக் கிடைப்பது கடினம்.

வீட்டு வைபையில் இருந்தபடியே கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து இ-சிம்மை ஏற்றிவிடுங்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 2024 ஜனவரியில் இந்திய அரசு இரண்டு பெரிய இ-சிம் விற்பனைத் தளங்களை முடக்கச் சொன்னது, அப்படி ஒன்று நடந்தால் இறங்கிய இடத்தில் வழியில்லை. ஏற்றும்போது போன் கேட்கும் கேள்விகளை அவசரத்தில் தட்டிவிடாமல், புதிய இணைப்புக்கு Travel என்று பெயர் வையுங்கள். அழைப்புக்கும் iMessageக்கும் பழைய எண்ணே இருக்கட்டும். Mobile Data மட்டும் Travel. அதே பக்கத்தில் Allow Mobile Data Switching ஓஃப். பிறகு பழைய எண்ணுக்குள் போய் Data Roaming ஓஃப், Travel எண்ணுக்குள் போய் Data Roaming ஓன். சாம்சுங்கில் Settings, Connections, SIM manager என்ற இடத்தில் டேட்டாச் சிம்மைத் தெரிவுசெய்யலாம். சிம்களுக்கிடையே டேட்டாவைத் தானாக மாற்றும் தெரிவும் அங்கேதான் இருக்கும், அதை மூடுங்கள். ஒரு கியூ.ஆர். குறி பொதுவாக ஒரு தடவைதான் ஏற்கும், ஆகவே சிக்னல் வரவில்லை என்று கோபத்தில் இ-சிம்மை அழித்துவிடாதீர்கள்.

இப்போது கொழும்பிலேயே, ஒரு சதம் செலவில்லாமல், இதைச் சோதிக்கலாம். வைபையை ஓஃப் செய்யுங்கள். இந்தியாவுக்கு மட்டுமான இ-சிம்முக்கு இங்கே சேவை இல்லை. ஆகவே உலாவியில் எந்த இணையப் பக்கமும் திறக்கக் கூடாது. திறந்தால் பழைய சிம்மில் டேட்டா கசிகிறது. அடுத்து வீட்டில் ஒருவரை உங்கள் எண்ணுக்கு அழைக்கச் சொல்லி, பேசிக்கொண்டே உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்போதும் திறக்கக் கூடாது. தி.நகரில் பணத்தைத் தின்றது இந்த இரண்டாவது நிலைதான், இதை யாரும் சோதிப்பதில்லை. ஆசியா முழுவதற்குமான பொதி என்றால் அதில் இலங்கையும் இருக்கக்கூடும். அப்படியானால் சோதனை நேரத்தில் Travel எண்ணின் ரோமிங்கையும் ஓஃபில் வையுங்கள், இல்லாவிட்டால் நாட்கணக்கு இங்கேயே ஓடத் தொடங்கிவிடும்.

கட்டுநாயக்கவுக்குப் போகுமுன் ##002# அடித்து அழைப்புத் திருப்பல்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். வெளிநாட்டில் நீங்கள் எடுக்காத அழைப்பு வொய்ஸ்மெயிலுக்குத் திரும்பினால், உங்களிடம் வந்ததற்கும் திரும்பி இலங்கைக்குப் போனதற்கும் சேர்த்து இரண்டு கணக்கு விழலாம். வீட்டாருக்கு வட்ஸ்அப்பில் மட்டும் அழைக்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். வருவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, அதற்கு டேட்டாவும் தேவையில்லை.

பில் ஏற்கனவே வந்துவிட்டவர்களுக்கு: முதலில் விவரப் பில்லைக் கேளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு டேட்டா இணைப்பும் எத்தனை மணிக்கு, எந்த வலையமைப்பில், எத்தனை MB என்று அதில் இருக்க வேண்டும். ஐபோனில் Mobile Data பக்கத்தில் கீழே Current Period Roaming என்ற எண் இருக்கும், அதைப் படம் பிடித்து வையுங்கள். நேரங்களை உங்கள் அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டால், டேட்டா அழைப்பு நேரத்தில் மட்டும் ஓடியதா என்பது தெரிந்துவிடும். அந்தக் குடும்பத்தின் பில்லில் அப்படித்தான் இருந்தது: 300 MBயும் அந்த 22 நிமிடத்துக்குள். அதைக் காட்டிக் கவுண்டரில் வாதாடியும் பயனில்லை, "நீங்கதானே ஓன் பண்ணினீங்க" என்றார்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அந்த இலக்கம், விவரப் பில், படங்கள் மூன்றையும் சேர்த்து இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். அந்தக் குடும்பமும் இப்போது அதைத்தான் செய்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.