தமிழ்க் குறிப்பைக் கொடுத்து ஆங்கில ப்ரொபோசல் எழுதி வாங்குகிறவர்கள் கவனம்: எனக்கு 1,350 டாலர் போனது

வெளிநாட்டு கிளையண்டுக்கு அனுப்ப வேண்டிய ப்ரொபோசலையும் ரேட் மெசேஜையும் தமிழில் குறித்துக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதி வாங்கும் வழக்கம் உள்ளவர்கள், அடுத்ததை அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 1,350 டாலர் போய்விட்டது. கிளையண்ட் ஏமாற்றவில்லை. அவருக்கு எழுத்தில் என்ன போனதோ அதன்படி ஒரு டாலர் குறையாமல் கொடுத்துவிட்டார். நான் எழுதிய நிபந்தனைகளை எடுத்துவிட்டு, நான் சொல்லாத வாக்குறுதிகளை என் பெயரில் எழுதித் தந்தவரால் போன பணம் இது. சின்னச் சின்ன வேலைகளைப் பேக்கேஜ் போட்டு விற்கிற ஒரு ஆன்லைன் தளம், அதில் ‘பிசினஸ் இங்கிலீஷ்’ என்று கடை விரித்திருக்கும் ஒருவர், அவ்வளவுதான் சொல்லப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேலை ஒரு ஆன்லைன் கடையைப் புதிதாகக் கட்டித் தருவது. என் தமிழ்க் குறிப்பில் இருந்தது இதுதான்: மணிக்கு 30 டாலர். சுமார் 60 மணி நேரம் ஆகலாம், அப்படிப் பார்த்தால் 1,800 வரும், வேலை கூடினால் கூடும். பழைய கடையில் இருக்கும் பொருட்களைப் புதிய கடைக்கு மாற்றுவது பற்றி, அந்த ஃபைலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இரண்டு சுற்று திருத்தம் இதில் அடக்கம், அதற்கு மேல் மணிக்கணக்கு. 40 சதவீதம் முன்பணம், அதாவது 720 டாலர். கூடவே நம் வழக்கப்படி ‘உங்களுக்கு ஒத்துவந்தால் பேசலாம்’, ‘ரேட் அதிகமாகத் தெரிந்தால் தவறாக நினைக்க வேண்டாம்’ என்று இரண்டு மூன்று வரி. இந்தப் பணிவு வரிகள் ஆங்கிலத்தில் போனால் ஆள் தயங்குகிறான் என்று தோன்றும், அதனால்தான் தன்னம்பிக்கையோடு எழுதித் தரச் சொல்லிக் காசு கொடுத்தேன்.

அவர் வாய்ஸ் மெசேஜில் பேசியதுதான் என்னை நம்ப வைத்தது. “சார், உங்க நோட்ஸ்ல எல்லாமே இருக்கு, ஆனா ரொம்ப இழுத்து இழுத்து எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு நேரா சொன்னாத்தான் பிடிக்கும். நான் ப்ரொபோசல் மட்டுமேதான் பண்றேன், நீங்க கவலையே படாதீங்க, வேலை உங்களுக்குத்தான்.” என் தொழிலே தெரிந்தவர் மாதிரி திருத்தச் சுற்று, முன்பணம் எல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தது. அவர் எழுதிய ஆங்கிலம் கைக்கு வந்ததும் எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். 1,800 இருந்தது. கால அளவு இருந்தது. கிளையண்டின் பெயர் சரியாக இருந்தது. படிக்க நன்றாக ஓடியது, எங்கும் திக்கவில்லை. அனுப்பிவிட்டேன், கிளையண்டும் அன்றே ஒப்புக்கொண்டார்.

எண்கள் சரி. எண்களைச் சுற்றி இருந்ததுதான் மாறியிருந்தது.

‘சுமார் 60 மணி நேரம், 1,800 வரும்’ என்பது ‘டோட்டல் பிராஜெக்ட் காஸ்ட் 1,800 டாலர், ஃபிக்ஸ்ட்’ ஆகியிருந்தது. மணிக்கு 30 என்ற பேச்சே இல்லை. மேலே தலைப்பாக ‘கோட்’ என்று போட்டிருந்தார். அந்தத் தொழில் ஆங்கிலத்தில் எஸ்டிமேட் என்றால் மதிப்பீடு, கூடலாம் குறையலாம் என்று இரு பக்கமும் எடுத்துக்கொள்வார்கள். கோட் என்றால் பொதுவாக இந்த விலைக்கு இந்த வேலை என்ற உறுதி, எதிராளி ‘அக்செப்டட்’ என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் கேட்க வழி கிடையாது. ப்ரொபோசல் மட்டுமே எழுதுகிறேன் என்று சொல்லும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது, தெரியாமல் இருந்தால் அந்தக் கடையையே அவர் விரித்திருக்கக் கூடாது.

பொருட்களை மாற்றுவது பற்றி ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது ‘இன்க்ளூட்ஸ்’ பட்டியலில் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு சுற்று திருத்தம் என்பது, நீங்கள் முழுத் திருப்தி அடையும் வரை அன்லிமிடெட் ரிவிஷன்ஸ் ஆகிவிட்டது. முன்பணம் 720 டாலர் என்ற வரியைக் காணவே இல்லை, அந்த இடத்தில் வேலை முடிந்து பிடித்திருந்தால் மட்டும் பணம் கொடுங்கள் என்று ஒரு வரி. இதில் எது மொழிபெயர்ப்பு? நான் எழுதாத ஒப்பந்தத்தை அவர் எழுதியிருக்கிறார்.

நம் தமிழ்க் குறிப்பில் இரண்டு வகையான தணிந்த பேச்சு இருக்கும். ஒன்று மரியாதைக்கு, ‘ஒத்துவந்தால் பேசலாம்’ மாதிரி. அதை எடுத்துவிட்டால் நஷ்டமில்லை, எடுக்கத்தான் வேண்டும். இன்னொன்று நிபந்தனை. ‘சுமார்’, ‘பார்த்துவிட்டு’, ‘அதற்கு மேல் தனி’, இவற்றில்தான் நம் பணம் இருக்கிறது. இரண்டும் மேலுக்கு ஒரே மாதிரி தயக்கமாகத் தெரியும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும், இவர் இரண்டையும் ஒன்றாகத் துடைத்து எறிந்துவிட்டு அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டார். நிபந்தனையை வைத்துக்கொண்டே உறுதியாக எழுத முடியும். என் மதிப்பீடு 60 மணி நேரம், மணிக்கு 30 டாலர், 60ஐத் தாண்டும் என்று தெரிந்தால் முன்கூட்டியே எழுதி உங்கள் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் தொடர்வேன். இதில் எங்கே தயக்கம் இருக்கிறது? ‘மே பி’, ‘ஐ திங்க்’ எதுவும் தேவைப்படவில்லை. தன் வேலை எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்தவன் பேசுகிற பேச்சு அது, கிளையண்டுக்கும் அதுதான் தெம்பு.

அப்புறம் நடந்தது கணக்கு. கடையைக் கட்டும் வேலை நான் சொன்ன 60 மணி நேரத்திலேயே முடிந்தது. பழைய பொருட்களின் ஃபைலைத் திறந்தால், ஒரே சட்டையின் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு நிறமும் தனித்தனிப் பொருளாகப் பதிவாகியிருந்தது, படங்களின் லிங்க் பாதி செத்துக் கிடந்தது. ஃபைலைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று குறிப்பில் எழுதியதே இதற்காகத்தான். அதை ஒழுங்குபடுத்த 25 மணி நேரம். இரண்டாவது சுற்றுக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்த திருத்தங்களுக்கு 20 மணி நேரம். மொத்தம் 105 மணி, மணிக்கு 30 என்றால் 3,150 டாலர். கைக்கு வந்தது 1,800. மீதி 1,350 டாலர் போனது.

கிளையண்டிடம் கூடுதல் மணி பற்றி எழுதினேன். கோபமே இல்லாமல் என் ப்ரொபோசலின் வரிகளை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்பினார், ஃபிக்ஸ்ட், இன்க்ளூட்ஸ், அன்லிமிடெட். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? வேலையைப் பாதியில் நிறுத்தவும் வழியில்லை, முன்பணம் வாங்காததால் நிறுத்தினால் அந்த 1,800ம் கிடையாது.

எழுதித் தந்தவரிடம் கேட்டேன். முதல் பதில், “நீங்க ஓகே சொல்லித்தானே சார் ஆர்டர் முடிஞ்சுது.” குறிப்பையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து, எந்த வரி எங்கே போனது என்று குறிபோட்டு அனுப்பினேன். “டோன் ஸ்ட்ராங்கா வேணும்னு நீங்கதானே கேட்டீங்க” என்றார். டோன் கேட்டேன், விலையை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை என்றேன். அதன் பிறகு மெசேஜைப் பார்த்ததற்கான அடையாளம் வரும், பதில் வராது.

தளத்தின் உதவிப் பிரிவு இன்னும் மோசம். இலக்கணப் பிழை அல்லது எழுத்துப் பிழை இருந்தால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்று ஒரு ரெடிமேட் பதில். பிழை இல்லை, பொருள் மாறியிருக்கிறது என்று விளக்கினால், உள்ளடக்கம் சார்ந்த புகார் எங்கள் தர உத்தரவாதத்தில் வராது என்று இன்னொரு ரெடிமேட் பதில். மொழிபெயர்ப்பில் பொருள் மாறுவது தரக் குறைவு இல்லையென்றால் வேறு எதுதான் தரக் குறைவு? ரிவ்யூவாவது போடலாம் என்று போனால் அதற்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்றது. எழுதி வாங்கிய ஆங்கிலத்தின் விளைவு தெரிவதே வேலை முடிந்த பிறகுதான், அதற்குள் எப்படி ரிவ்யூ போடுவது? அவர் பக்கத்தில் இன்னும் அதே ஐந்து நட்சத்திரங்கள் மின்னிக்கொண்டிருக்கின்றன, என்னைப் போல மாட்டிக்கொண்ட யாருடைய ரிவ்யூவும் அங்கே இருக்க வாய்ப்பே இல்லை. கடைசியாக உதவிப் பிரிவு தந்தது, அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன். 1,350 டாலர் போனவனுக்குக் கூப்பன்.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் வரவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஆங்கிலம் கைக்கு வந்ததும் எண்களை மட்டும் ஒத்துப் பார்க்காதீர்கள், உங்கள் குறிப்பில் நிபந்தனை உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலத்தில் அதற்கான வரி எது என்று விரல் வைத்துத் தேடுங்கள். அதையே மொழி தெரிந்த வேறொருவரிடம், உங்கள் குறிப்பைக் காட்டாமல் கொடுத்து, இதில் நான் என்னவெல்லாம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன், எப்போது எவ்வளவு பணம் கேட்டிருக்கிறேன் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஃபிக்ஸ்ட், கோட், இன்க்ளூட்ஸ், அன்லிமிடெட், கியாரண்டி, இவற்றில் ஒன்று நீங்கள் சொல்லாமல் வந்திருந்தால் அனுப்பாதீர்கள். ரேட் மெசேஜையும் முன்பண வரியையும் யாரிடமும் ‘மெருகேற்ற’க் கொடுக்காதீர்கள், அது மூன்றே வரிதான், இலக்கணம் உடைந்திருந்தாலும் நீங்களே எழுதிவிடுங்கள். ஆர்டரை முடித்துவைக்கும் பட்டனை, கிளையண்ட் பதில் போட்டு அவர் என்ன புரிந்துகொண்டார் என்று தெரியும் வரை அழுத்தாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி எழுதி வாங்கி அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருப்பவர்கள், கிளையண்ட் ‘அக்செப்டட்’ என்று எழுதுவதற்குள் இப்போதே திறந்து பாருங்கள். அதுவரை ஒரு திருத்தக் கடிதம் போட்டுச் சரிசெய்துகொள்ள இடம் இருக்கிறது.