தெளிந்த நீரும் சீழ் நீரும்: நெஞ்சில் கோத்த நீரை எப்போது குழாய் போட்டு வடிக்க வேண்டும்?

நிமோனியா வந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு "நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால், அந்த நீர் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, பக்கத்தில் நுரையீரல் அழற்சியில் இருப்பதால் கசிந்து வந்த வெறும் நீர். நிமோனியா ஆற ஆற இது தானாக வற்றிவிடும். மற்றொன்று, கிருமி உள்ளே புகுந்துவிட்ட நீர். அது சீழாகத் திரண்டால் எம்பையீமா என்று பெயர். அதை மாத்திரையும் ஊசியும் மட்டும் வைத்து ஆற்ற முயன்றால் பெரும்பாலும் தோல்விதான். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே வெள்ளை நிழலாகத் தெரியும். சில நாட்கள் வரை ஊசியில் உறிஞ்சிப் பார்த்தாலும் நிறம் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

இதய பலவீனத்தாலோ சிறுநீரகக் கோளாறாலோ கோக்கும் நீர் வேறு கணக்கு. அதில் புரதமும் குறைவு, அழற்சியும் இல்லை. அதை இங்கே விட்டுவிடுவோம். நிமோனியாவோடு வரும் நீர்தான் ஏமாற்றக்கூடியது.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றொன்று நெஞ்சுச் சுவரின் உட்புறம் படிந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு இவற்றின் இடையே சில தேக்கரண்டி நீர்தான் இருக்கும், மூச்சு விடும்போது உறைகள் உரசாமல் வழுக்குவதற்காக. பக்கத்தில் நிமோனியா வந்தால் உறையின் நுண்குழாய்கள் கசிந்து இந்த இடைவெளியில் நீர் சேர்கிறது. இது முதல் கட்டம். நீர் தெளிவாக இருக்கும், கிருமி இருக்காது, தடையின்றிப் புரளும். படுக்கையில் புரண்டால் நீரும் இடம் மாறும்.

கிருமி உள்ளே வந்துவிட்டால் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. கிருமிகளும் அவையும் சேர்ந்து நீரில் இருக்கும் சர்க்கரையைத் தின்று, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. உறை தடித்துவிட்டதால் அந்த அமிலம் வெளியேற வழி இல்லை. ஆகவே நீரின் பிஎச் இறங்குகிறது, சர்க்கரை குறைகிறது. செத்த அணுக்களிலிருந்து எல்.டி.எச் என்ற நொதி கொட்டுகிறது. அதே சமயம் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் சிலந்தி வலை போல நீருக்குள் படர்ந்து, ஒரே குளமாக இருந்ததைத் தனித்தனி அறைகளாகப் பிரித்துவிடுகிறது. சில வாரங்கள் கடந்தால் மூன்றாம் கட்டம். அந்த நார்களில் தழும்புத் திசு வளர்ந்து, நுரையீரலின் மேல் தடித்த தோல் போல இறுகிவிடுகிறது. அதற்குப் பிறகு சீழை வடித்தாலும் நுரையீரல் விரிய மாட்டாது.

ஒரே எக்ஸ்ரே, இரண்டு முடிவுகள்

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது, வலப்பக்க நிமோனியா, ஆன்டிபயாட்டிக் தொடங்கி மூன்று நாள். இருவருக்கும் ஸ்கேனில் நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர். மெல்லிய ஊசியால் எடுத்தபோது இருவருக்கும் மஞ்சள் நீர்தான் வந்தது. இரண்டாமவருடையது மட்டும் லேசாகக் கலங்கல்.

முதலாமவரின் நீரில் பிஎச் 7.38, சர்க்கரை டெசிலிட்டருக்கு 92 மில்லிகிராம், எல்.டி.எச் 410. இரண்டாமவருக்குப் பிஎச் 7.08, சர்க்கரை 28, எல்.டி.எச் 2,400. இருவருக்கும் கிராம் சாயச் சோதனையில் கிருமி தென்படவில்லை.

முதலாமவருக்கு இப்போதைக்கு மருந்து போதும். இரண்டாமவருக்கு அன்றைக்கே குழாய் போட வேண்டும். கண்ணால் பார்த்தால் அவருக்குச் சீழ் இல்லை, சாயத்தில் கிருமியும் இல்லை. ஆனாலும் நீர் ஏற்கெனவே எம்பையீமாவைப் போல நடந்துகொள்கிறது. பிஎச் 7.2க்குக் கீழே போனால் வடிப்பது என்பதே பெரும்பாலான வழிகாட்டுதல்களின் எல்லைக்கோடு. பிஎச் பார்க்க வசதி இல்லாத இடத்தில், சர்க்கரை 60க்குக் கீழே இருந்தாலும் அதே முடிவுதான். சாயத்திலோ கல்ச்சரிலோ கிருமி தெரிந்தாலும் வடிக்க வேண்டும். ஊசியில் வருவது கண்ணுக்கே தெரியும் சீழ் என்றால் எந்த எண்ணுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அதைப் பிஎச் அளக்கும் ரத்த வாயு எந்திரத்தில் விடவும் கூடாது. எந்திரம் அடைத்துக்கொள்ளும், புதிதாக எதுவும் தெரியப்போவதும் இல்லை.

பிஎச் என்ற இந்த ஒரு எண்ணை நம்பி முடிவெடுப்பதால், அது எப்படி எல்லாம் கெட்டுப்போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். சிரிஞ்சில் காற்றுக்குமிழி நின்றால் கரியமில வாயு காற்றுக்குள் தப்பி, பிஎச் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மரத்துப்போக ஊசி போட்ட அதே சிரிஞ்சில் நீரை எடுத்தால் எதிர்த் தவறு நேரும். லிக்னோகெயின் அமிலத்தன்மை உள்ளது, மிச்சம் நின்ற சொட்டே பிஎச்சை இறக்கிவிடும். ஆகவே உறையாமல் தடுக்கும் ஹெபரின் இட்ட புதிய சிரிஞ்சு, காற்றை வெளியேற்றி மூடி, தாமதமின்றி ரத்த வாயு எந்திரத்துக்கு. லிட்மஸ் தாளும் சாதாரண பிஎச் மீட்டரும் இதற்கு உதவாது. பிஎச் குறைவு, சர்க்கரை மட்டும் இயல்பு என்று வந்தால் மாதிரி எடுத்த விதத்தைச் சந்தேகிக்கலாம். அறைகள் பிரிந்துவிட்ட நீரில் ஒவ்வொரு அறைக்கும் பிஎச் வேறுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல அறையிலிருந்து எடுத்த ஒரு மாதிரி, பக்கத்து அறையில் இருக்கும் சீழை மறைத்துவிடும்.

கல்ச்சருக்கு ஒரு பகுதியைச் சாதாரணக் குப்பியிலும், இன்னொரு பகுதியைப் படுக்கையருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் விட்டால் கிருமி பிடிபடும் வாய்ப்பு கூடுகிறது. காசநோயைத் தேட ஏ.டி.ஏ என்ற நொதியை அளந்து பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: எம்பையீமாவிலும் ஏ.டி.ஏ உயரும். நீரில் லிம்போசைட் வகை வெள்ளையணுக்கள் மிகுந்திருந்தால்தான் அந்த உயர்வு காசநோயின் பக்கம் கை காட்டுகிறது. நியூட்ரோஃபில் வகை வெள்ளையணுக்கள் நிறைந்த நீரில் அதை வைத்துக் காசநோய் மருந்து தொடங்கினால், வடிக்க வேண்டிய நாட்கள் வீணாகும்.

மருந்து மட்டும் ஏன் போதாது

மருந்து உள்ளே போவதில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பென்சிலின் வகைகள் பல நன்றாகவே போகின்றன. சிக்கல் உள்ளே இருக்கும் சூழலில். சீழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. கிருமிகள் மெதுவாகப் பெருகுவதால், பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்துகளுக்கு வேலை குறைவு. அமிலச் சூழலில் ஜென்டமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள் செயலிழக்கின்றன. அதனால் எம்பையீமாவுக்கு அவற்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. இன்னொரு காரணம், கிருமி செத்தாலும் சீழ் அங்கேயே நிற்கும். நின்றால் நார் இறுகும், நுரையீரல் சிறைப்படும். வடிப்பது கிருமியின் சுமையைக் குறைப்பதோடு, இரண்டு உறைகளும் மீண்டும் ஒட்டி, சீழ் சேர இடமே இல்லாமல் செய்கிறது.

ஊசியா, குழாயா, கரைக்கும் மருந்தா, அறுவையா

ஊசியால் மறுபடி மறுபடி உறிஞ்சுவது சிறிய, அறை பிரியாத நீருக்குச் சில நேரம் போதும். சீழுக்கு அதை நம்பக் கூடாது, மறுநாளே மீண்டும் நிரம்பிவிடும்.

குழாய்தான் முதல் தேர்வு. சீழ் தடிப்பானது, ஆகவே தடித்த குழாய் வேண்டும் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. ஆனால் 12 முதல் 14 பிரெஞ்சு அளவுள்ள மெல்லிய குழாய், அதாவது நாலரை மில்லிமீட்டர் பருமனை ஒட்டியது, பெரும்பாலானோருக்குப் போதுமானது, வலியும் குறைவு. நிபந்தனை ஒன்று உண்டு: ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 முதல் 30 மில்லி சலைன் விட்டு அதைக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்ட மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு "குழாய் பலிக்கவில்லை" என்று அதன் மேல் பழி விழும். ஸ்கேன் பார்த்தே நுழைக்க வேண்டும், ஊசி விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே போக வேண்டும். ரத்தக்குழாயும் நரம்பும் கீழ்விளிம்பின் அடியில் ஓடுகின்றன. நீர் நிறைய இருந்தால் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டருக்கு மேல் விடக் கூடாது. நெடுநாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியும்.

குழாயின் மறுமுனை நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு வலி மிகுந்த பாடம் இருக்கிறது. 1918 வாக்கில் அமெரிக்க ராணுவ முகாம்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எம்பையீமா பரவியபோது, உறைகள் ஒட்டுவதற்கு முன்பே விலாவை வெட்டி நெஞ்சைத் திறந்து வடித்தார்கள். வெளிக்காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கி, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தார்கள். எவர்ட்ஸ் கிரஹாம் இடம்பெற்ற ராணுவ எம்பையீமா குழு, காற்றுப் புகாதபடி மூடிய முறையில் வடிக்கச் சொன்னது. இறப்பு ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

குழாய் போட்டும் ஓரிரு நாளில் காய்ச்சல் தணியவில்லை, ஸ்கேனில் அறைகள் தெரிகின்றன என்றால் கரைக்கும் மருந்து. இங்கே இரண்டு எதிரிகள் இருக்கிறார்கள். தடுப்புச் சுவர் ஃபைப்ரின். சீழின் பிசுபிசுப்போ செத்த அணுக்களின் டி.என்.ஏ. 2005இல் வெளியான பெரிய ஆய்வில் ஃபைப்ரினைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் கொடுத்தபோது பலன் இல்லை. 2011இல் வெளியான ஆய்வில் ஃபைப்ரினைக் கரைக்கும் டி.பி.ஏ 10 மில்லிகிராமும் டி.என்.ஏவை வெட்டும் டி.என்.ஏஸ் 5 மில்லிகிராமும், நாளுக்கு இருமுறை, மூன்று நாள் குழாய் வழியே கொடுத்து, ஒரு மணி நேரம் மூடிவைத்துப் பிறகு திறந்தார்கள். நிழலும் குறைந்தது, அறுவைக்கு அனுப்பும் தேவையும் குறைந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ரத்தக்கசிவு இதன் முதன்மையான ஆபத்து, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

இதுவும் பலிக்காவிட்டால் கேமரா வழி அறுவை. துவாரங்கள் வழியே அறைகளை உடைத்துச் சீழை எடுத்து, நுரையீரலை மூடிய தோலை உரிப்பார்கள். முதல் வாரத்துக்குள் அறுவை மருத்துவரிடம் காட்டினால் நார் இன்னும் இளசாக இருக்கும். தள்ளிப்போட்டால் நெஞ்சைப் பெரிதாகத் திறக்க நேரிடும்.

இரண்டாமவருக்குக் குழாய் போட்டவுடன் 600 மில்லி வந்து, மறுநாள் திடீரென்று நின்றது என்று வைத்துக்கொள்வோம். நல்ல செய்தி என்று உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாயின் மறுமுனை மூழ்கியிருக்கும் நீர்ப்பெட்டியில் மூச்சுக்கேற்ப மட்டம் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அசைவும் இல்லை, காய்ச்சலும் நிற்கவில்லை என்றால் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறது. கழுவிப் பார்த்து, ஸ்கேன் எடுக்க வேண்டும். காய்ச்சல் தணிந்து, வடிவது நாளுக்கு நூறு மில்லியை ஒட்டிக் குறைந்து, ஸ்கேனிலும் நீர் இல்லை என்றானால் குழாயை எடுக்கலாம். ஆன்டிபயாட்டிக் மட்டும் மொத்தம் சில வாரங்கள் தொடரும்.

குழாய் போடாத முதலாமவரையும் கண்காணிக்க வேண்டும். அவருடைய 7.38 அன்றைய நிலையை மட்டுமே சொல்கிறது. 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியாமல் இருந்தால், அல்லது தணிந்தது மீண்டும் ஏறினால், பழைய எண்ணை நம்பாமல் மறுபடி ஸ்கேன் எடுத்து, மறுபடி ஊசி போட்டுப் பார்க்க வேண்டும்.