சோயாவா, பிளாக் கோஹோஷா? மாதவிடாய் நிற்கும் வயதின் வெக்கைக்கு எதை எடுப்பது

ஐம்பதைத் தாண்டியதும் எனக்கும் அந்த வெக்கை வந்தது. நெஞ்சிலிருந்து குபீரென்று முகத்துக்கு ஏறி, சில நிமிஷத்தில் ரவிக்கையை நனைத்துவிட்டு, பின்னாலேயே ஒரு நடுக்கத்தையும் விட்டுப் போகும். ரங்கூனில் கரண்ட் இல்லாத ஏப்ரல் ராத்திரியில் அது வந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தூக்கம் போச்சு. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை பாட்டில் கொடுத்தனுப்பினார்கள். எதிர்வீட்டு அக்கா சோயாவைச் சொன்னார். நான் சோயாவின் பக்கம் போனேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலம் என்று பார்த்தால் ஹார்மோன் மருந்துக்குப் பக்கத்தில் இரண்டுமே நிற்காது. அது வெக்கையை ஏறக்குறைய முக்கால்வாசி குறைக்கும். மார்பகப் புற்று, ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. வேண்டாம் என்பவர்களும் உண்டு. மூலிகைப் பேச்சு அவர்களுக்குத்தான்.

"எனக்குக் கேட்டது" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்ட பெண்களுக்கும் வெக்கை நன்றாகவே குறைந்திருக்கிறது. நாளாக ஆக அது தானாகவும் அடங்கும். ஆகவே வெற்று மாத்திரையை எது முந்துகிறது என்பதே கேள்வி.

பிளாக் கோஹோஷ் வட அமெரிக்கக் காட்டுச் செடி ஒன்றின் வேர். 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 351 பெண்களை ஓராண்டு கவனித்தார்கள். பிளாக் கோஹோஷ் தனியாக எடுத்தவர்கள், பல மூலிகைக் கலவை எடுத்தவர்கள், கலவையோடு சோயா உணவும் சாப்பிடச் சொல்லப்பட்டவர்கள் என்று பிரித்துப் பார்த்தும், ஓராண்டு முடிவில் எந்தக் குழுவும் வெற்று மாத்திரையை முந்தவில்லை. ஹார்மோன் மட்டும் முந்தியது. 2012இல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இந்த வேர் பலன் தரும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. இந்த வேரிலிருந்து எடுத்த ஜெர்மானியச் சாறு ஒன்றை வைத்து நடந்த சில ஆய்வுகள் நல்ல பலன் காட்டியிருக்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் கைக்கு வரும் பாட்டிலில் இருப்பது அந்தச் சாறுதானா?

சோயாவுக்கும் மாலை போட முடியாது. அதிலுள்ள ஐசோஃபிளவோன் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக வேலை செய்யும். 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கில், நாளுக்கு சுமார் 54 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரைக்காரர்களைவிட வெக்கை 20 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது. பத்து தடவை வருவது எட்டாகும், அவ்வளவுதான். அந்தப் பலனும் வர ரெண்டு மூணு மாசம் ஆகும். வயிற்றுக் கிருமிகள் ஐசோஃபிளவோனை ஈக்வால் என்ற பொருளாக மாற்றும் உடம்புக்குப் பலன் கூடும் என்கிறார்கள். ஆசியரில் பாதிப் பேருக்கு அந்த வாய்ப்பு உண்டு. நான் எந்தப் பாதி என்று சோதித்துப் பார்த்ததில்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் 2023 அறிக்கை இரண்டையுமே பரிந்துரைக்கவில்லை.

பலனில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது எதை வைத்து முடிவெடுப்பது? உள்ளே போவது என்னவென்று எனக்குத் தெரியுமா என்பதை வைத்துத்தான் நான் எடுத்தேன்.

பிளாக் கோஹோஷ் விஷயம் இங்கேதான் இடறுகிறது. அதே இனத்தைச் சேர்ந்த ஆசியச் செடிகளின் வேர் விலை குறைவு. பொடியாக்கிக் குப்பியில் அடைத்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சோதனைச்சாலையில் பார்த்தபோது, லேபிளில் பிளாக் கோஹோஷ் என்றிருந்த சில பொருட்களில் இருந்தது வேறு வேர். இன்னொரு பக்கம், இதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டது. சிலருக்கு மாற்றுக் கல்லீரல் வைக்கும் அளவுக்குப் போனது. 2006இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பாட்டிலில் எச்சரிக்கை போடச் சொன்னது, ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. கெடுத்தது அந்த வேரா, கலப்படமா என்பது இன்னும் தீராத வழக்கு. இது அரிதுதான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஏற்கெனவே மஞ்சள்காமாலை, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம். எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், கண் மஞ்சளித்தால், வலது விலாவுக்குக் கீழே வலித்தால், காரணமில்லாத அசதியும் பசியின்மையும் சேர்ந்தால் அன்றைக்கே நிறுத்தி, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

சோயாவில் இந்தத் தலைவலி இல்லை. கண்ணெதிரே காயும் பயறு, அதை அரைத்து எடுத்த பால். ஆனால் நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. ஷான் சாப்பாட்டுக் கடையில் மஞ்சளாக வழுவழுவென்று வரும் தொஹூ கடலைமாவில் செய்தது, அதில் சோயாவே கிடையாது. வெள்ளைக் கட்டியான பெபியாதான் சோயா. சோயா எண்ணெயிலும் சாஸிலும் ஐசோஃபிளவோன் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் பெபியாவில் சராசரியாக 20 முதல் 30 மில்லிகிராம் வரும். அதோடு சர்க்கரை போடாத ஒரு டம்ளர் சோயாப் பால் சேர்ந்தால் 50 மில்லிகிராம் பக்கம் நெருங்கும். எனக்கு இதுதான் தினசரி: காலையில் பால், மதியம் பெபியாவை மஞ்சள் போட்டு வதக்கிய பொரியல். வெக்கை வந்த தடவைகளைக் காலண்டரில் கோடு போட்டு வந்தேன். குறைந்தது. சோயாவால் குறைந்ததா, வயதால் குறைந்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

மாத்திரையாக வரும் சோயா வேறு கதை. நாளுக்கு 150 மில்லிகிராம் என்று ஐந்து வருஷம் எடுத்தவர்களை இத்தாலியில் பார்த்தபோது, சிலருக்குக் கருப்பை உட்சுவர் தடித்திருந்தது. உணவளவில் அந்தப் பயம் தெரியவில்லை. மார்பகப் புற்று வந்தவர்களுக்கும் உணவாகச் சாப்பிடும் சோயாவால் கேடு தெரியவில்லை, ஆனால் மாத்திரைக்குப் போகுமுன் புற்று டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

தைராய்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. என் நாத்தனார் பல வருஷமாகத் தைராக்சின் மாத்திரை போடுகிறார். என்னைப் பார்த்து அவரும் சோயாப் பாலுக்கு மாறி, காலை மாத்திரையையே அந்தப் பாலில் விழுங்கிக்கொண்டிருந்தார். அடுத்த ரத்தப் பரிசோதனையில், தைராய்டு ஹார்மோன் போதாதபோது ஏறும் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. அசதி வேறு. டாக்டர் அளவைக் கூட்டப் போனவர், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டார். குடலில் மாத்திரை உடம்பில் சேராமல் சோயா தடுத்திருக்கிறது. அளவை மாற்றாமல், மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு, சோயாவை நாலு மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொண்டார். ஆறு வாரத்துக்குப் பின் எடுத்த பரிசோதனையில் இறங்கிவிட்டது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. சீனக் கடைகளில் கிடைக்கும் டாங்குவாய் வேர் 1997 ஆய்வில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அது ஆபத்து, ரத்தப்போக்கு கூடும். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க்கும் சொல்லும்படி சான்றில்லை. நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்குப் பெரிய ஆய்வுகளே நடக்கவில்லை. தாய்லாந்திலும் பர்மாவிலும் விளையும் வெள்ளை குவாவ் குருவா கிழங்கு ஈஸ்ட்ரோஜன் வேலையைச் சோயாவைவிடப் பலமாகவே செய்யும். அதனாலேயே எனக்கு அதில் பயம்.

எதை எடுத்தாலும் சரி, ஒரு வருஷம் மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதை மூலிகையின் தலையில் போட்டுவிட்டு இருக்கக்கூடாது. கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும்.