ஹனோய் கோபுரம்: சின்னத் தட்டிலிருந்தா, பெரிய தட்டிலிருந்தா?

வெள்ளவத்தையில் வீட்டு வகுப்பு எடுக்கும் தோழி கேட்டாள்: "ஹனோய் கோபுரத்தை வைத்து ரிகர்ஷனை, அதாவது ஒரு கேள்வியை அதன் சிறிய வடிவத்தைக் கொண்டே தீர்ப்பதை, எங்கேயிருந்து தொடங்கிச் சொல்ல?" புதிர் இதுதான்: மூன்று கம்பிகள்; ஒன்றில் பெரியது அடியிலும் சின்னது மேலேயுமாக அடுக்கிய தட்டுகள். ஒரு முறைக்கு ஒன்றாக, சின்னதன் மேல் பெரியதை வைக்காமல், முழு அடுக்கையும் இலக்குக் கம்பிக்கு மாற்ற வேண்டும். இரண்டு வழியையும் நான்கு டப்பா மூடிகளைத் தட்டுகளாக வைத்துச் செய்து பார்த்தோம்.

தொடக்கம்
சின்னதிலிருந்து: உடனே கை ஓடும். ஒன்றுவிட்டு ஒரு நகர்வு சின்னதுக்கு, எப்போதும் ஒரே திசையில். இடையில் விதிப்படி செய்யக்கூடியது ஒன்றுதான்.
பெரியதிலிருந்து: முதலில் பிள்ளை திகைக்கும். "அடியில் உள்ளது நகர வேண்டுமென்றால் மற்ற மூன்றும் எங்கே இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். நடுக் கம்பியைக் காட்டியதும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தடுமாறும் இடம்
சின்னதிலிருந்து: தட்டுகள் ஒற்றை எண்ணிக்கை என்றால் முதல் அடி இலக்குக் கம்பிக்கு, இரட்டை என்றால் நடுக் கம்பிக்கு. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தவர் 3 தட்டில் வென்று 4 தட்டில் வேறு கம்பியில் முடிப்பார்.
பெரியதிலிருந்து: "அந்த மூன்றை எப்படி நகர்த்துவது?" என்று நிற்பார்கள். அதே கேள்விதான், ஒரு தட்டுக் குறைவு. கம்பிகளின் பெயர் மட்டும் மாறுகிறது. ஒரு தட்டில் கேள்வி முடிந்துவிடும்.

கடினம் வளர்வது
சின்னதிலிருந்து எண்ணினால் 3, 4, 5 தட்டுக்கு 7, 15, 31 நகர்வு என்று விடை வரும், ஏனென்று வராது. பெரியதிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: மூன்றை ஒதுக்க 7, பெரியதுக்கு 1, திரும்ப ஏற்ற 7. மொத்தம் 15. ஒரு தட்டுக் கூடினால் இருமடங்கும் ஒன்றும். எடுவார் லூக்கா 1883இல் வெளியிட்ட இந்தப் புதிரின் கதையில் வரும் 64 தட்டுக்கு, நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் ஏறத்தாழ 58,500 கோடி ஆண்டுகள்.

புதிரைத் தீர்த்துக் காட்ட மட்டும் என்றால் சின்னது போதும். நிரல் எழுதப் போகும் பிள்ளைக்குப் பெரியதிலிருந்துதான் சொல்வேன்.