கடைசி 9 லட்சம் யார் கையில்? அரவை லைனுக்குப் பணம் கட்டிய இரண்டு வழிகள்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன அரிசி ஆலை. இதுவரை இரண்டு முறை பெரிய இயந்திரம் வாங்கியிருக்கிறோம். முதலில் வாங்கியது நெல் டிரையர். ஆர்டரோடு 40 சதவீதம், லாரியில் ஏற்றும் முன் மிச்சம் 60 என்று ஊரில் எல்லோரும் கட்டுகிற மாதிரியே கட்டினோம். போன வருடம் வாங்கியது மணிக்கு 2 டன் நெல் அரைக்கிற முழு லைன். இதற்கு ஆர்டரோடு 10, டிராயிங் ஒப்புதலுக்கு 15, டிஸ்பாட்ச்சுக்கு 60, ஓட்டிக் காட்டிய பிறகு 15 என்று கட்டம் கட்டமாகக் கொடுத்தோம். இரண்டில் எது தேவலை என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். ஆனால் அதுவும் எழுதுகிற விதத்தில்தான் இருக்கிறது.

பழைய முறையின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறையும். எங்களுக்கே 40-60க்கு 58.5 லட்சம், கட்டமாகக் கொடுத்தால் 60 லட்சம் என்றார்கள். ஒன்றரை லட்சம் வித்தியாசம். பேங்கிலும் வேலை சுலபம், புரொஃபார்மா இன்வாய்ஸைக் கொடுத்தால் நேராக சப்ளையர் கணக்குக்குப் போய்விடும். நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கிற கலர் சார்ட்டர் மாதிரி, இறக்கி வைத்துக் கரண்ட் கொடுத்தால் அன்றைக்கே ஓடுகிற தனி இயந்திரத்துக்கு இந்த முறையே போதும் என்பது என் எண்ணம். பல இயந்திரங்களை, நெல்லை வாளி வாளியாக மேலே தூக்குகிற எலிவேட்டரால் கோர்த்து, அஸ்திவாரம் போட்டு, இங்கேயே வந்து பூட்ட வேண்டிய லைனுக்குத்தான் இது ஆகாது.

பேச்சுவார்த்தையில் சப்ளையர் தரப்பு ஆள் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர்தான். "அண்ணே, எங்க கம்பெனில இப்படிப் பழக்கமே இல்லைங்க. மிசின் உங்க கொட்டாய்க்குள்ள வந்ததுக்கப்புறம் நாங்க 9 லட்சத்துக்கு உங்க பின்னாடியே அலையோணுமுங்களா?" என்றார். அவர் பயம் நியாயமானது. அப்படி அலைய விடுகிற ஆலைக்காரர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் பணத்தை எப்போது கொடுப்பேன் என்பதை அவரும் அளந்து பார்க்கிற மாதிரி எழுதித் தருகிறேன் என்றேன்.

டிராயிங் கட்டத்துக்கு 9 லட்சம். இதில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு சொல். அவர்கள் அனுப்பிய முதல் தாளில் "டிராயிங் கொடுத்ததும்" என்று இருந்தது. அதை "டிராயிங் எங்கள் கையெழுத்தோடு ஒப்புதல் ஆனதும்" என்று மாற்றினோம். பதிலுக்கு, டிராயிங் வந்து 7 நாளுக்குள் ஒப்புதலோ திருத்தமோ சொல்லிவிடுவோம் என்று நாங்களும் எழுதிக் கொடுத்தோம். 10 வாரத்தில் அனுப்புவதாகச் சொன்ன கணக்கும் ஒப்புதல் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

முதலில் வந்தது ஒரே பக்க லேஅவுட். அதில் நெல் கொட்டுகிற இடத்து எலிவேட்டருக்கு 9 அடிக் குழி. எங்கள் மேஸ்திரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐப்பசில இதுல மீன் வளக்கலாம்ண்ணே" என்றார். டெல்டாவின் களிமண்ணில் மழைக்காலத்தில் நாலைந்து அடியிலேயே தண்ணீர் நிற்கும். குழிக்குள் ஊறினால் அடியில் இருக்கிற நெல் முளைத்து நாறும், பேரிங் துருப்பிடிக்கும். நெல் கொட்டும் மேடையை உயர்த்தி, குழியை 4 அடியாகக் குறைக்கச் சொன்னோம். குழி மேலே வந்தால் அதே நீள எலிவேட்டரின் தலையும் மேலே போகும், அது கொட்டகைக் கூரையில் இடித்தது. திரும்பவும் ஒரு திருத்தம். ஃபவுண்டேஷன் போல்ட் எங்கெங்கே வரும், எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு பாரம், எந்த மோட்டார் எத்தனை எச்பி என்பதெல்லாம் மூன்றாவது தாளில்தான் வந்தது. மோட்டார் பட்டியல் இல்லாமல் மின்வாரியத்தில் லோடுக்கு எழுதிப் போடவும் முடியாது. 40 சதவீதம் முன்பணம் போயிருந்தால் முதல் தாளோடு இரும்பு வெட்டத் தொடங்கியிருப்பார்கள். டிரையருக்கு அப்படித்தான் நடந்தது. ஐந்து வருடமாக அதன் குழிக்கு ஒரு பம்பு தனியாக ஓடுகிறது.

டிஸ்பாட்ச் பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். லாரிவாரியாக, ஏறின சரக்கின் மதிப்புக்கு மட்டும் கொடுங்கள். முதல் லாரியில் எலிவேட்டர் கால்களும் தகரமும் வந்தன, கொட்டகை நிறைந்துவிட்டது. முழு 36 லட்சத்தையும் கேட்டார்கள். உமி நீக்குகிற ஷெல்லர், தவிடு நீக்குகிற பாலிஷர், மோட்டார்கள் எல்லாம் அப்போது பட்டறையிலேயே இருந்தன. பார்வைக்குப் பாதி லைன் வந்த மாதிரி இருந்தாலும் விலையில் பாதிகூட வரவில்லை.

இனி கமிஷனிங், அதாவது ஓட்டிக் காட்டுகிற கட்டம். இரண்டு முறைக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான்.

டிரையர் வாங்கியபோது ஃபிட்டர் மார்கழியில் வந்தார், வெறுமனே ஓட்டினார். மோட்டார் சுற்றியது, சூடு காற்று வந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். தை கடைசியில் சம்பா நெல் வந்ததும்தான் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாகவே இறங்குவது தெரிந்தது. முழுப் பணமும் வாங்கிய சப்ளையருக்கு நாங்கள் அவசரம் இல்லை. ஆள் வர 22 நாள் ஆனது. அந்த 22 நாளும் களத்தில் நெல்லைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தோம்.

அதனால் இந்த முறை "கமிஷனிங்" என்ற சொல்லை அப்படியே விடவில்லை. எங்கள் நெல்லைப் போட்டு 8 மணி நேரம் நிறுத்தாமல் ஓட வேண்டும், அதற்குள் 16 டன் உள்ளே போயிருக்க வேண்டும் என்று எழுதினோம். அரிசி நொறுங்கலுக்குத்தான் நிறையப் பேசினோம். இத்தனை சதவீதத்துக்கு மேல் நொறுங்கக் கூடாது என்று எழுதினால், நொறுங்கும்போது "உங்க நெல்லு சரியில்லைங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அதை மறுக்கவும் வழியில்லை. அரசு அரவைக்கு 100 கிலோ புழுங்கல் நெல்லுக்கு 68 கிலோ அரிசி என்று கணக்கு இருந்தாலும், அது எல்லா லாட்டிலும் அப்படியே வராது என்பது ஆலை ஓட்டுகிறவனுக்குத் தெரியும். ஆகவே ஒரே லாட் நெல்லை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை இதே அளவுள்ள பக்கத்து ஆலையில் அரைப்பது, நம் லைனில் நொறுங்கல் அதைவிட 2 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது என்று முடிவானது. நெல்லின் ஈரம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அது சரிதான், ஒத்துக்கொண்டோம்.

அடுத்த சிக்கல் அவர்கள் தாளின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது: "கமிஷனிங் அல்லது டிஸ்பாட்ச் ஆன 60 நாள், இதில் எது முதலில் வருகிறதோ." டெல்டாவில் இந்த வரிக்கு அர்த்தம் வேறு. ஐப்பசியில் சரக்கு வந்தால் குறுவை நெல் முடிந்திருக்கும், சம்பா வரத் தை ஆகும். நடுவில் மழை, அஸ்திவாரம் போட முடியாது. 60 நாள் தானாக ஓடிப்போய், ஒரு மணி நெல்கூட அரைக்காமல் கடைசிப் பணம் கொடுக்க வேண்டியதாகிவிடும். அதற்காக அந்த வரியையே எடுத்துவிடு என்பதும் நியாயமில்லை. எங்கள் கரண்ட் இணைப்பு தாமதமானால் அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? கரண்ட், கட்டிடம், நெல் ஆகியவற்றில் எங்கள் பக்கம் தாமதமானால் 90 நாளில் பணம், அவர்கள் பக்கம் தாமதமானால் நாள் கணக்கே ஓடாது என்று முடித்தோம். அப்புறம் தேதியைப் பின்னாலிருந்து எண்ணினோம். புரட்டாசியில் குறுவை நெல் வேண்டும், அதற்கு ஆவணியில் பூட்ட வேண்டும், ஆடியில் சரக்கு வர வேண்டும். அப்படியானால் வைகாசியில் டிராயிங் முடிந்தாக வேண்டும்.

சப்ளையர் உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனமாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். சட்டப்படி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், வந்த நாளையே ஏற்ற நாளாக எடுத்துக்கொள்ளலாம். எனவே குறையை வாட்ஸ்அப் குரல் பதிவில் சொல்லாமல் மெயிலில் எழுதுங்கள். ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திடும் நாள்தான் ஏற்கும் நாள் என்று ஒப்பந்தத்தில் போட்டோம். இது முழுக்கத் தாங்குமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கடைசி 15 சதவீதத்தையும் டிஸ்பாட்ச்சிலேயே கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக சப்ளையரிடம் பேங்க் கியாரண்டி வாங்கிக்கொள்வது. என் மைத்துனர் அப்படிச் செய்தார். அவருக்குக் கியாரண்டியைப் பணமாக்க வேண்டிய நிலை வரவில்லை, எனவே அது நெருக்கடியில் எப்படி உதவும் என்று நான் பார்த்ததில்லை. கெடு முடியும் தேதியை மட்டும் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

புரட்டாசி கடைசியில் எங்கள் லைனை ஓட்டினோம். வெறுமனே ஓடியபோது ஒரு குறையும் இல்லை. நெல் போட்ட ஒரு மணி நேரத்தில் ஷெல்லரிலிருந்து, உமி போகாத நெல்லைப் பிரிக்கிற செபரேட்டருக்குப் போகிற எலிவேட்டரின் அடியில் நெல் வழியத் தொடங்கியது. மணிக்கு 1.7 டன்னைத் தாண்டவில்லை. ஃபிட்டர் நெல்லைக் குறைத்துப் போடச் சொன்னார். ஆலை ஓட்டுகிற எங்கள் டிரைவர் மட்டும் எலிவேட்டரின் இறங்கும் காலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். காலி வாளி இறங்க வேண்டிய காலுக்குள் நெல் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. மோட்டாரில் சின்ன புல்லி போட்டிருந்ததால் பெல்ட் வேகம் குறைவு. வாளி உச்சிக்குப் போய் நெல்லை வெளியே வீசாமல், பாதியை வந்த வழியே திரும்பக் கொட்டியது.

அன்று மாலையே போன் போட்டேன். டிரையருக்கு 22 நாள் ஆனது. இந்தப் புல்லி நான்காம் நாள் காலை பஸ் பார்சலில் வந்தது. அன்று ராத்திரி 8 மணி நேரத்தில் 16.4 டன் அரைத்தோம். நொறுங்கல் பக்கத்து ஆலையைவிட ஒரு சதவீதம் கூடுதல். விடிந்ததும் ரெஜிஸ்டரில் இருவரும் கையெழுத்திட்டோம். பேங்க் திறந்ததும் 9 லட்சத்தை அனுப்பிவிட்டுத்தான் ஃபிட்டரைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.