நீர்க்கடுப்பு: காத்திருப்பதா, அன்றே வைத்தியசாலைக்குச் செல்வதா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும், பத்து வருடங்களாக நீரிழிவு உள்ள ஐம்பது வயதுப் பெண்ணொருவரை எடுத்துக்கொள்வோம். மலையில் மலசலகூடம் இல்லாததால், அவர் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்து, மாலை வரை சிறுநீரை அடக்கிவைக்கிறார். திங்கட்கிழமை எரிச்சல் தொடங்குகிறது. பார்லித் தண்ணீரும் பரசிட்டமோலும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பார்ப்பது ஒரு வழி. அன்றே சிறுநீரைப் பரிசோதிப்பது மற்றொன்று.

நீரிழிவு இல்லாத இளம்பெண்ணுக்கு முதல் வழி சில வேளைகளில் பலிக்கலாம். இவருக்கு அது ஆபத்தானது. இரத்தத்தில் சீனி கூடும்போது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் வலு குறைகிறது. நீண்டகால நீரிழிவு சிறுநீர்ப்பையின் நரம்புகளைப் பாதிப்பதால், கழித்த பின்னும் உள்ளே சிறிது தேங்குகிறது. அந்தத் தேக்கத்தில் கிருமிகள் பெருகுகின்றன. அந்த நரம்புப் பாதிப்பால் வலியும் மங்கலாகவே தெரியக்கூடும்.

அடிக்கடி சிறுநீர் போவதைச் "சீனி ஏறிவிட்டது" என்று நினைத்து விட்டுவிடுவதும் நடக்கிறது. சீனி ஏறினால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், தாகமும் இருக்கும். சிறுநீர்ப்பைத் தொற்றிலோ சொட்டுச் சொட்டாகவே போகும். எரியும், அடிவயிறு வலிக்கும், சிறுநீர் கலங்கி நாறும். இரண்டும் சேர்ந்தும் வரலாம், ஏனெனில் தொற்றே சீனியை ஏற்றிவிடும்.

இந்த நிலையில், காய்ச்சல் இல்லாவிட்டால், தோட்ட மருந்தகமோ பிரதேச வைத்தியசாலையோ போதும். ஆனால் அன்றோ மறுநாளோ செல்ல வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்குமுன், முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடித்துக் கொடுத்தால், எந்த மருந்து கேட்கும் என்பதை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை காட்டும். வீட்டில் மிஞ்சிய மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டுப் போனால் அந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

புதன்கிழமை குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும், விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்க வலியும், வாந்தியும் வந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அப்போது காத்திருப்பதற்கு இடமில்லை. இரவானாலும் ஆதார வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும், வாகனம் இல்லையென்றால் அம்புலன்ஸுக்கு 1990 இலக்கத்தை அழைக்கலாம். பரசிட்டமோல் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், காய்ச்சல் தணிந்ததை மட்டும் நம்பிப் பயணத்தைத் தள்ளக் கூடாது. டைக்குளோபினாக் போன்ற வலிநிவாரணிகள் இந்த வேளையில் சிறுநீரகத்தையே தாக்கும். மயக்கம், குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவை தெரிந்தால் அது உயிர் அவசரம்.

வாந்தி எடுக்கும்போது மெட்போர்மினைத் தொடரலாமா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். இன்சுலினை மட்டும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் ஸ்கேன் தேவைப்படும்: நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரகத்தில் சீழ் கட்டுவதும், அரிதாக வாயு சேர்வதும் அப்படித்தான் வெளிப்படுகின்றன.